பிஎஸ்5-இல் இடம் தீர்ந்தால்: அப்டேட் ஏன் நிற்கிறது, கேம்களை எங்கே நகர்த்துவது

கேமைத் திறந்தால் அப்டேட் கேட்கிறது. அப்டேட் கொடுத்தால், பாதியில் நின்றுபோய் இடம் போதவில்லை என்கிறது. அப்டேட் இல்லாமல் ஆன்லைனில் ஆட முடியாது. கோலாலம்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். வீட்டில் எந்த கன்சோல் இருந்தாலும் அடிப்படை ஒன்றே, ஆனால் செய்முறை வேறுபடும். அதனால் இங்கே நம் வீடுகளில் அதிகம் பார்க்கும் பிளேஸ்டேஷன் 5-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றைப் பற்றி இறுதியில் நாலு வரி இருக்கிறது.

முதலில் கணக்கு. 2020-இல் வந்த பிஎஸ்5-இன் பெட்டியில் 825 ஜிபி என்று போட்டிருக்கும். ஆனால் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 667 ஜிபிதான். மீதியை கன்சோலின் சிஸ்டம் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறது, அதை நாம் தொட முடியாது. பின்னால் வந்த 1 டிபி ஸ்லிம் மாடலில் சுமார் 840 ஜிபி கிடைக்கும். இன்றைக்குப் பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். ஆக, ஐந்தாறு பெரிய கேம்கள் போட்டாலே 667 ஜிபி நிறைந்துவிடும்.

செந்தூலில் இருக்கும் என் அக்கா மகன் ஒருநாள் கேட்டான்: "மாமா, நான் எல்லாம் டிஸ்க்காதானே வாங்கியிருக்கேன், அப்புறம் எப்படி இடம் போச்சு?" இது பலருக்கும் இருக்கும் எண்ணம். பிஎஸ்5-இல் டிஸ்க்கைப் போட்டாலும் கேம் முழுவதும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்கப்படும். விளையாடும்போது டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும் என்பது, அது உங்களுடையது என்று காட்டத்தான். டிஸ்க்காக வாங்கினாலும் டவுன்லோடாக வாங்கினாலும், பிடிக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றே.

20 ஜிபி அப்டேட்டுக்கு ஏன் 60 ஜிபி கேட்கிறது?

மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். "25 ஜிபி காலியா இருக்கே, அப்டேட் 20 ஜிபிதானே, ஏன் ஏற மாட்டேங்குது?" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

வீட்டுக்குப் புது பீரோ வருகிறது என்று வையுங்கள். பழைய பீரோவில் இருக்கும் துணிகளை மாற்றி, அதை வெளியே எடுக்கும்வரை இரண்டும் ஒரே அறையில் நிற்க இடம் வேண்டும். அப்டேட்டும் அப்படித்தான். கேமின் தகவல்கள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களாக இருப்பதில்லை, பெரிய பெரிய மூட்டைகளாகக் கட்டப்பட்டிருக்கும். அப்டேட் ஒரு மூட்டையில் சிறு பகுதியை மாற்றினாலும், அந்த மூட்டை முழுவதையும் புதிதாக எழுதவேண்டி வரலாம். எழுதி முடித்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழையது அழிக்கப்படும். நடுவில் கரண்ட் போனாலும் பழைய கேம் கெடாமல் இருக்க வேண்டும் அல்லவா?

பிஎஸ்4-இல் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். டவுன்லோட் முடிந்ததும் "Copying" என்று ஒரு கோடு மெதுவாக நகரும். அப்போது அது கேமையே புதிதாக நகல் எடுக்கிறது. அதனால் 80 ஜிபி கேமுக்கு 1 ஜிபி அப்டேட் வந்தாலும், ஏறக்குறைய இன்னொரு 80 ஜிபி காலியாக இருக்க வேண்டும். பிஎஸ்5 இவ்வளவு பேராசைக்காரன் இல்லை. ஆனாலும் டவுன்லோட் அளவைவிட அதிக இடம் கேட்பது அதிலும் உண்டு. என் கணக்கு இதுதான்: உங்களிடம் உள்ள பெரிய கேமின் அளவில் பாதியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும். இது சோனி சொன்ன விதி இல்லை, அனுபவத்தில் ஒத்து வருகிற அளவு.

இடப் பற்றாக்குறை என்பதைத் திரையிலேயே உறுதி செய்துகொள்ளலாம். `CE-100028-1` என்று வந்தால் எஸ்எஸ்டியில் இடம் இல்லை என்று அர்த்தம், வேறு எதையும் தேட வேண்டாம். விளையாடிக்கொண்டிருக்கும்போது கேம் மூடிக்கொண்டு `CE-108255-1` வந்தால் அது வேறு விஷயம். கேமில் ஏதோ பிழை என்று மட்டும்தான் அது சொல்கிறது. காரணம் பாதியில் நின்ற அப்டேட்டாக இருக்கலாம், கெட்டுப்போன ஃபைலாக இருக்கலாம், கேமை எழுதியவர்களின் தவறாகவும் இருக்கலாம். கேம் நின்றுபோனாலே இடம் இல்லை என்று முடிவுகட்டி உடனே ஹார்ட் டிஸ்க் வாங்க ஓடுவது சரியில்லை. முதலில் Settings > Storage போய்ப் பாருங்கள். 200 ஜிபி காலியாக இருக்கிறது, ஆனாலும் கேம் நின்றுபோகிறது என்றால் வெளி டிரைவ் அதைச் சரிசெய்யப் போவதில்லை. அந்த ஒரு கேமை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

வெளி டிரைவ் எதற்கு, எதற்கு இல்லை

கடையில் பலர் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவில் பிஎஸ்5 கேமை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கிருந்து விளையாட முடியாது. விளையாட வேண்டுமென்றால் மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். பிஎஸ்4 கேம் என்றால் அந்தத் தடை இல்லை. வெளி டிரைவில் இருந்தபடியே திறந்து ஆடலாம்.

காரணம் வேகம். பிஎஸ்5-இன் உள் எஸ்எஸ்டி வினாடிக்கு 5.5 ஜிபி படிக்கக்கூடியது. பிஎஸ்5 கேம்கள் அந்த வேகத்தை நம்பி எழுதப்பட்டவை. நீங்கள் ஒரு தெருவில் திரும்பும் நேரத்துக்குள் அடுத்த தெருவின் படங்களை எஸ்எஸ்டியிலிருந்து இழுத்துக்கொள்ளும். கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்று வினாடிக்கு 100 எம்பி சுமாருக்குத்தான் கொடுக்கும், அதாவது ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பிஎஸ்4 கேம்களோ ஹார்ட் டிஸ்க் காலத்துக்கு எழுதப்பட்டவை, அவற்றுக்கு அதுவே போதும்.

ஆகவே முதலில் வெளியே அனுப்ப வேண்டியவை பிஎஸ்4 கேம்கள். அவற்றை நகர்த்துவதால் நீங்கள் எதையும் இழக்கவில்லை, கேம் திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். கேமின் பெயருக்கு அருகில் PS4 என்று போட்டிருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இன்னொன்றும் கவனியுங்கள். சில கேம்களுக்கு பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டு வடிவமும் உண்டு. தெரியாமல் இரண்டையும் போட்டு வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். Play பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் எந்த வடிவங்கள் இருக்கின்றன என்று தெரியும். வேண்டாததை அழித்துவிடலாம். பழைய வடிவத்தில் பாதி ஆட்டம் ஆடியிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், ஒன்றின் சேமிப்பு மற்றொன்றில் தானாகத் திறக்காது.

டிரைவை வாங்குவதும் தயார் செய்வதும்

பிஎஸ்5 ஏற்றுக்கொள்வது 250 ஜிபி முதல் 8 டிபி வரையிலான, 5 ஜிபிபிஎஸ் அல்லது அதற்கு மேல் வேகமுள்ள யூஎஸ்பி டிரைவை. பழைய யூஎஸ்பி 2.0 டிரைவ் வேலைக்கு ஆகாது. யூஎஸ்பி ஹப் வழியாக மாட்டக்கூடாது, நேராக கன்சோலில்தான் மாட்ட வேண்டும். முதல் மாடலில் முன்பக்கம் இருக்கும் செவ்வகமான யூஎஸ்பி-ஏ துளை மெதுவானது, டிரைவுக்கு ஆகாது. பின்பக்கத் துளையில் மாட்டினால் எந்த மாடலாக இருந்தாலும் குழப்பம் இல்லை.

சாதாரண ஹார்ட் டிஸ்க் போதுமா, எஸ்எஸ்டி வேண்டுமா? பிஎஸ்5 கேம்களைச் சும்மா நிறுத்தி வைக்கத்தான் என்றால் ஹார்ட் டிஸ்க் போதும், அதே காசுக்கு இரண்டு மூன்று மடங்கு இடம் கிடைக்கும். பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே அடிக்கடி ஆடுவீர்கள் என்றால் எஸ்எஸ்டி வாங்கலாம். பென்டிரைவ் மட்டும் வேண்டாம். சிறியவை சூடாகும், நீண்ட நேரம் எழுதினால் வேகம் படுத்துவிடும்.

புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவிலோ, பினாங்கு என்றால் கொம்தார் பக்கக் கடைகளிலோ வாங்கும்போது ரசீதும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் நம்ப முடியாத விலையில் 4 டிபி, 16 டிபி என்று விற்பவற்றில் போலிகள் உண்டு. உள்ளே இருப்பது 64 ஜிபி சில்லாக இருக்கும், கம்ப்யூட்டரிடம் மட்டும் 4 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். கன்சோலும் அதை நம்பி ஃபார்மட் செய்துவிடும். முதல் கேம் நன்றாகவே ஏறும். 64 ஜிபியைத் தாண்டியதும் ஒவ்வொரு கேமாகக் கெட்டுப்போகும். விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் H2testw என்ற இலவச மென்பொருளால் டிரைவ் முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கலாம். பெரிய டிரைவுக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். கன்சோலில் மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பிஎஸ்5 ஃபார்மட் செய்த டிரைவைக் கம்ப்யூட்டரால் படிக்க முடியாது.

ஃபார்மட் என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்த டிரைவில் இருக்கும் கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் வீடியோக்கள் எல்லாம் போய்விடும். வீட்டில் சும்மா கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு Settings > Storage > USB Extended Storage போய் Format as USB Extended Storage கொடுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிஎஸ்4-இல் ஏற்கெனவே பயன்படுத்திய டிரைவ் என்றால் ஃபார்மட்கூட வேண்டாம், அப்படியே மாட்டலாம், உள்ளே இருக்கும் பிஎஸ்4 கேம்கள் தெரியும்.

ஒரு கன்சோலின் கணக்கு

அக்கா மகனின் கன்சோலையே எடுத்துக்கொள்வோம். அளவுகளை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். நண்பர்களோடு ஆடும் சுடுகிற கேம் 180 ஜிபி. போன வருடத்துக் கூடைப்பந்து 150. கார்ப் பந்தயம் 125. கால்பந்து 60. பிஎஸ்4 கேம்கள் இரண்டு சேர்ந்து 100. Media Gallery-யில் படமும் வீடியோவும் 34. சேமிப்புகளும் இதர சாமான்களும் 10. மொத்தம் 659 ஜிபி. 667-இல் இதைக் கழித்தால் காலி 8 ஜிபிதான். சுடுகிற கேமுக்கு 20 ஜிபி அப்டேட், கேட்ட காலி இடமோ அதைவிட மிக அதிகம்.

முதல் வேலையாக Downloads/Uploads பட்டியலில் பாதியில் நின்றிருந்த டவுன்லோடை ரத்து செய்தோம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாதி இறங்கிய அப்டேட்டும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்து வீடியோக்கள். ஒவ்வொரு டிராபி கிடைக்கும்போதும் பிஎஸ்5 தானாக ஒரு வீடியோ எடுத்து வைக்கும். Settings > Captures and Broadcasts > Trophies பகுதியில் Save Trophy Videos-ஐ அணைத்துவிட்டு, பழையவற்றில் வேண்டாததை அழித்ததில் 25 ஜிபி மிஞ்சியது. காசு செலவில்லாத வைத்தியம், டிரைவ் வாங்குவதற்கு முன்பே செய்து பார்க்க வேண்டியது.

பிறகு டிரைவை மாட்டி, Settings > Storage > Console Storage > Games and Apps திறந்தோம். Options பொத்தானை அழுத்தி Select Items to Move கொடுத்து, பிஎஸ்4 கேம் இரண்டையும் தேர்ந்தெடுத்து Move. வினாடிக்கு 100 எம்பி என்று வைத்தால் 100 ஜிபி நகர 1,000 வினாடி, அதாவது 17 நிமிடம். நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும். இப்போது காலி இடம் 8, 25, 100 சேர்ந்து 133 ஜிபி. அப்டேட் தடையின்றி ஏறியது.

கூடைப்பந்தை என்ன செய்வது? அது பிஎஸ்5 கேம். வெளியே அனுப்பினால் ஆட முடியாது. எஸ்பிஎம் தேர்வு முடியும்வரை ஆடாமல் இருப்பதுதான் நல்லது என்று அக்கா முடிவு செய்ததால் அதுவும் வெளியே போனது. இன்னொரு 150 ஜிபி காலி. ஆனால் திரும்ப ஆட ஆசை வரும்போது உள்ளே மறுபடி 150 ஜிபி காலியாக இருக்க வேண்டும். இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். வெளி டிரைவில் தூங்கிய காலத்தில் வந்த அப்டேட்களும், கேம் உள்ளே வந்த பிறகு வரிசையில் நிற்கும். பிள்ளைகள் "இப்பத்தானே நகர்த்தினோம், மறுபடியும் டவுன்லோடா?" என்று அலுத்துக்கொள்வது அதனால்தான்.

சேமிப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்ற தகவல் கேமோடு வெளியே போவதில்லை, கன்சோலின் உள்ளேயே தனியாக இருக்கிறது. கேமை நகர்த்தினாலும் அழித்தாலும் அது அப்படியே இருக்கும். Saved Data பகுதிக்குள் போய் நீங்களே அழித்தால்தான் போகும்.

டிரைவே வேண்டாமா?

இதற்கு உங்கள் வீட்டு இணையம்தான் பதில் சொல்லும். 150 ஜிபி கேமை அழித்துவிட்டு மறுபடி டவுன்லோட் செய்ய 100 எம்பிபிஎஸ் இணைப்பில் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 500 எம்பிபிஎஸ் ஃபைபர் என்றால் 40 நிமிடம். அதே கேமை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கொண்டுவர எப்படியும் 25 நிமிடம் ஆகும். ஆகக் கொண்டோவில் வேகமான ஃபைபர் இருக்கிறவர் கேமை அழித்துவிட்டுத் தேவைப்படும்போது இறக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பேன், கேபிள் ஒன்றாவது மிச்சம். மெதுவான இணைப்பு, அல்லது போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வாடகை அறை என்றால் டிரைவ் தன் விலையை விரைவில் திருப்பிக் கொடுத்துவிடும்.

சில பெரிய கேம்களில் கேமையே துண்டாக அழிக்கவும் முடியும். கேமின் மேல் நின்று Options அழுத்தினால் Manage Game Content என்று வரும். கதைப் பகுதியை முடித்துவிட்டவர் அதை மட்டும் நீக்கி, ஆன்லைன் பகுதியை வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கேமிலும் இந்த வசதி இல்லை.

பிஎஸ்5 கேம்களை நகர்த்தி நகர்த்திச் சலித்துப்போனவருக்கு உண்மையான தீர்வு எம்.2 எஸ்எஸ்டி. கன்சோலின் மூடியைக் கழற்றி உள்ளே பொருத்துவது. 2021 செப்டம்பரிலிருந்து பிஎஸ்5 இதை ஏற்றுக்கொள்கிறது, இதிலிருந்து பிஎஸ்5 கேம்களை நேராகவே ஆடலாம். பிசிஐஇ ஜென்4 வகையாக இருக்க வேண்டும், சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் வேண்டும், படிக்கும் வேகம் வினாடிக்கு 5,500 எம்பியாவது இருப்பது நல்லது என்கிறது சோனி. யூஎஸ்பி பெட்டிக்குள் அதே எம்.2-வைப் போட்டு வெளியே மாட்டினால் இந்தப் பலன் கிடைக்காது. யூஎஸ்பி வழியாக வந்தால் கன்சோலுக்கு அது வெறும் வெளி டிரைவ்தான்.

மழையும் கேபிளும்

வெளி டிரைவைக் கன்சோல் ஓடும்போதோ, ரெஸ்ட் மோடில் ஆரஞ்சு விளக்கு எரியும்போதோ பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் அடுத்த முறை மாட்டும்போது டிரைவைப் பழுதுபார்க்க வேண்டும் என்று செய்தி வரும், சில நேரம் கேம் கெட்டும் போகும். Settings > Storage > USB Extended Storage-இல் பாதுகாப்பாக நீக்கும் வழி இருக்கிறது. இல்லையென்றால் கன்சோலை முழுதாக அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை நேர இடிமழை தெரியும்தானே, ஒரு மின்னலில் வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். வானம் இருட்டிய பிறகு 150 ஜிபியை நகர்த்தத் தொடங்காதீர்கள், காலையில் செய்துகொள்ளலாம்.

அப்படிக் கரண்ட் போய், டிரைவில் இருப்பது பட்டியலில் சரியாகத் தெரியவில்லை என்றாலும், இடக் கணக்கில் Other என்ற பகுதி காரணமில்லாமல் வீங்கியிருந்தாலும் சேஃப் மோடில் ஒரு வேலை செய்யலாம். கன்சோலை முழுதாக அணைத்து, பவர் பொத்தானை இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். கன்ட்ரோலரைக் கேபிளால் இணைத்தால் Clear Cache and Rebuild Database என்ற தேர்வு தெரியும். அது கேம்களையோ சேமிப்பையோ அழிக்காது. அதே பட்டியலில் இருக்கும் Reset PS5 என்பதை மட்டும் தொட்டுவிடாதீர்கள், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

மற்ற கன்சோல்கள்: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் இதே விதிதான். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்களை யூஎஸ்பி 3.0 டிரைவிலிருந்து ஆடலாம், சீரிஸ் கன்சோலுக்கென்றே செய்யப்பட்ட கேம்களை அங்கே வைக்கலாமே தவிர ஆட முடியாது, அதற்கு பின்பக்கம் சொருகும் தனி விரிவாக்க அட்டை வேண்டும். 512 ஜிபி சீரிஸ் எஸ்-இல் கிடைப்பது 364 ஜிபிதான், ஆகவே பிரச்சினை அங்கே இன்னும் சீக்கிரம் வரும். நின்டெண்டோ சுவிட்சில் வெளி டிரைவே கிடையாது, மைக்ரோஎஸ்டி அட்டைதான். சுவிட்ச் 2-க்கு வாங்கும்போது மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வகையைக் கேளுங்கள், பழைய சுவிட்சின் அட்டையில் அதன் கேம்களைப் போட முடியாது.